பில்லில் இருக்கும் தேதி, சட்டத்தில் இருக்கும் தேதி

மின்வாரியத்திலிருந்து வரும் நிலுவை அறிவிப்பைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானோரின் கண் நேராகத் தொகைக்குத்தான் போகும். அடுத்தது, “மின் இணைப்பு துண்டிக்கப்படும்” என்ற வரிக்கு. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தேதி இருக்கும். அறிவிப்பு எழுதப்பட்ட தேதி இன்னொன்று. அது வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதி மற்றொன்று. எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், எந்த நாள் வரை ஃப்யூஸைப் பிடுங்க முடியாது என்பது, அந்தத் தொகை எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது தொகையின் பெயரைத்தான்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்துக் குறித்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்பது பரவலாகத் தெரிந்த கணக்கு. அந்த இருபது நாளுக்குள் இரண்டு தவணைகள் ஒளிந்திருப்பது அவ்வளவாகத் தெரியாது. முதல் 5 நாள் பணம் கட்டுவதற்கான கெடு. அடுத்த 15 நாள், துண்டிப்பதற்கு முன் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்புக் காலம். வெள்ளை அட்டையில் ரீடிங்கை எழுதிக் கொடுப்பதையோ, செல்போனுக்குத் தொகையை அனுப்புவதையோ வைத்தே இந்த முன்னறிவிப்பும் நடந்துவிட்டதாகக் கொள்வதுதான் வாரிய நடைமுறை.

“தனியாக நோட்டீஸ் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வழக்கமான இருமாத பில்லுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வராமலேயே துண்டிப்பு நாள் வந்துவிடும். இருபதாம் நாளுக்குப் பிறகு ஒரு தாள் வந்தாலும் அதைப் புது அவகாசம் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஏற்கெனவே முடிந்துபோன கெடுவை நினைவுபடுத்தும் தாள்.

வழக்கமான பில்லைத் தவிர வேறு எதற்காகவாவது பணம் கேட்டால் கதை வேறு. தணிக்கையில் கண்டுபிடித்த பழைய குறைவசூல், மீட்டர் பழுதான காலத்துக்கு மறுகணக்கீடு போன்றவை தனிக் கடிதமாக வரும். அப்போது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு முழுவதுமாகத் துணைக்கு வருகிறது. எழுத்துமூலம், குறைந்தது பதினைந்து “முழு நாள்” அவகாசம் கொடுத்த பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. முழு நாள் என்றால் கடிதம் கையில் கிடைத்த நாளும் துண்டிக்கிற நாளும் கணக்கில் சேராது. கடிதத்தில் ஜூலை 1 என்று தேதி போட்டிருக்கலாம், “15 நாட்களுக்குள்” என்றும் எழுதியிருக்கலாம். ஆனால் அது வீட்டுக்கு வந்தது ஜூலை 10 என்றால், 11-ம் தேதி தொடங்கி 25-ம் தேதி முடிய பதினைந்து நாள். 26-ம் தேதிக்கு முன் கம்பத்தில் யாரும் ஏறக் கூடாது. இதை நிரூபிக்க வேண்டுமானால் தபால் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். நேரில் வாங்கினால் கையெழுத்தின் கீழே வாங்கிய தேதியையும் எழுத வேண்டும்.

கூடுதல் வைப்புத்தொகை இன்னொரு ரகம். மின் நுகர்வு கூடியிருக்கிறது, அதனால் காப்புத்தொகையையும் உயர்த்துங்கள் என்று வரும் கோரிக்கை அது. சட்டத்தின் 47-வது பிரிவு இதற்கு முப்பது நாள் தருகிறது. சில அறிவிப்புகளில் இந்தத் தொகையும் கட்டண நிலுவையும் ஒரே கூட்டுத்தொகையாக நிற்கும். அந்தக் கூட்டுத்தொகையைப் பிரித்துக் காட்டும்படி கேட்டால்தான் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பது தெரியும். கேட்பதற்கு நுகர்வோருக்கு முழு உரிமை உண்டு.

இன்றிரவே இணைப்பைத் துண்டிக்கப் போவதாகச் சொல்லி, ஒரு செல்போன் எண்ணைக் கொடுத்து உடனே கூப்பிடச் சொல்லும் குறுஞ்செய்திகள் 2022 வாக்கில் நாடு முழுக்கப் பரவின. பெரும்பாலும் “இரவு 9.30 மணி” என்று நேரம்கூடக் குறித்திருக்கும். மேலே சொன்ன பதினைந்து நாள் கணக்கு தெரிந்தவருக்கு அது பொய் என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். கட்டண நிலுவைக்காகச் சில மணி நேர அவகாசத்தில் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. வாரியத்தின் ஊழியர்கள் தங்கள் சொந்த எண்ணுக்குப் பணம் கேட்பதும் இல்லை. சந்தேகம் வந்தால் மின்னகம் எனப்படும் வாரியத்தின் 24 மணி நேரச் சேவை எண்ணான 94987 94987-ஐ அழைத்து, இணைப்பு எண்ணைச் சொல்லி உண்மையில் நிலுவை உண்டா என்று கேட்டுவிடலாம்.

இனி, தொகையே தவறாக இருந்தால் என்ன செய்வது? ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் அளவில் செலவழிக்கும் சாதாரணக் குடும்பம். கடைசி மூன்று பில்கள் 860, 910, 830 ரூபாய். ஜூன் 3-ம் தேதி ரீடிங் எடுக்கிறார்கள். முந்தைய ரீடிங் 14,040. மீட்டரில் இருப்பது 14,372. அதில் உள்ள 3 என்ற எண் பதிவாகும்போது 8 ஆகி, 14,872 என்று ஏறிவிடுகிறது. 332 யூனிட் 832 யூனிட் ஆகிறது. ஐநூறு யூனிட் கூடுதல் என்றால் ஐநூறு யூனிட்டுக்கான பணம் மட்டும் கூடும் என்று தோன்றும். உண்மையில் அடி அதைவிடப் பலம். இருமாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டியதும் வேறு கட்டணப் பட்டியல் வருகிறது. மேலே போகப்போக ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. தொள்ளாயிரம் ரூபாயைச் சுற்றி வர வேண்டிய பில் ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். 5,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் ஜூன் 23.

குடும்பம் முதலில் செய்ய வேண்டியது மீட்டரின் முன்னால் போய் நிற்பதுதான். இப்போதுள்ள மின்னணு மீட்டர்களின் திரை சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். வோல்ட் வரும், ஆம்பியர் வரும், தேதியும் நேரமும் வரும். பக்கத்தில் kWh என்று காட்டும் எண்தான் யூனிட். kW என்று மட்டும் இருப்பது வேறு கணக்கு. அதைப் பார்த்துக் குழம்பி, மீட்டரே ஓடவில்லை என்று புகார் கொடுப்பவர்களும் உண்டு. ஜூன் 8-ம் தேதி போய்ப் பார்த்தால் நமது வீட்டு மீட்டர் ஏறக்குறைய 14,400 காட்டும். ஐந்து நாளுக்கு முன்பு 14,872 என்று பதிவு செய்யப்பட்ட மீட்டர் இன்று 14,400 காட்டுகிறது. மீட்டர் பின்னால் ஓடாது. வழக்கே இங்கு முடிந்துவிட்டது, வேண்டியதெல்லாம் ஆதாரம்தான். மீட்டரின் வரிசை எண்ணும் kWh எண்ணும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், முடிந்தால் அடுத்த இரண்டு மூன்று நாளும் ஒவ்வொரு படம்.

அண்டை வீட்டாரோ சில ஊழியர்களோ, “பரவாயில்லை, அடுத்த ரீடிங்கில் தானாகச் சரியாகிவிடும்” என்று சொல்லக்கூடும். இதை நம்பினால் நஷ்டம். அடுத்த முறை யூனிட் எண்ணிக்கை வேண்டுமானால் ஈடாகலாம். ஆனால் இந்த முறை மேல்தட்டு விலையில் வசூலித்த பணம் கீழ்த்தட்டு விலையில்தான் திரும்பும். அந்த இடைவெளி யாருக்கும் தெரியாமல் போய்விடும். திருத்த வேண்டியது இந்தப் பில்லையே; அடுத்த பில்லை அல்ல.

படங்களுடன் போக வேண்டிய இடம் அந்தப் பகுதியின் பிரிவு அலுவலகம். அங்கே உதவிப் பொறியாளர் இருப்பார். வாய்மொழியாகச் சொன்னால் ஊழியர் ஒருவர் வந்து பார்த்துத் திருத்திவிடுவதும் நடக்கிறது, பெரும்பாலான ரீடிங் பிழைகள் அப்படித்தான் தீர்கின்றன. இருந்தாலும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வருவது நல்லது. இணைப்பு எண், மீட்டர் எண், ரீடிங் எடுத்த தேதி, பதிவான எண், உண்மையான எண், முந்தைய மூன்று பில் தொகை, என்ன கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு வரி. அவ்வளவு போதும். கோபமும் பழைய குறைகளும் அதில் வேண்டாம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். அலுவலகத்தில் முத்திரை போட மறுத்தால், அதே கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பினால் தீர்ந்தது.

புகார் கொடுத்துவிட்டதாலேயே ஜூன் 23 தள்ளிப் போய்விடாது. இந்த இடத்தில்தான் அதிகமானோர் தவறுகிறார்கள். “கேஸ் போட்டிருக்கிறேன், முடிவு வரட்டும்” என்று பணம் கட்டாமல் இருந்தால், நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும் மின்சாரம் போய்விடும். முழுத் தொகையையும் கட்டிவிட்டால் மின்சாரம் இருக்கும், பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. 56-வது பிரிவின் முதல் உட்பிரிவோடு ஒட்டிய ஒரு நிபந்தனை அது. தகராறு முடியும் வரை இரண்டில் குறைவான தொகையை ஆட்சேபத்துடன் கட்டினால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஒன்று, வாரியம் கேட்கும் தொகை. மற்றொன்று, முந்தைய ஆறு மாதத்தில் கட்டிய சராசரிக் கட்டணத்தை வைத்து மாதவாரியாகக் கணக்கிட்ட தொகை.

நமது குடும்பத்துக்கு இந்தக் கணக்கு இப்படி வரும். ஆறு மாதத்தில் மூன்று பில்கள். கூட்டினால் 2,600 ரூபாய். ஆறால் வகுத்தால் மாதம் 433 ரூபாய் சொச்சம். இந்தப் பில் இரண்டு மாதத்துக்கானது. ஆக 867 ரூபாய். கேட்கப்பட்ட 5,200-ஐ விட இது குறைவு என்பதால் 867 ரூபாயை ஆட்சேபத்துடன் கட்டினால் துண்டிப்புக்குச் சட்டப்படி இடமில்லை. வந்த வழியிலேயே 5,200 ரூபாய் புரட்ட வேண்டியதில்லை.

நடைமுறையில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. இணையத்திலும் செல்போன் செயலிகளிலும் பில் தொகை முழுதாகத்தான் நிற்கும்; அதைக் குறைத்துக் கட்டப் பொதுவாக வழியிருக்காது. ஆகவே இதை அலுவலகத்தில்தான் செய்ய வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கு இந்தப் பிரிவு தெரியாமல் இருக்கலாம், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உதவிப் பொறியாளருக்கோ, அவருக்கு மேலே உள்ள செயற்பொறியாளருக்கோ எழுதும் கடிதத்தில், “மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1)-இன் நிபந்தனைப்படி 867 ரூபாயை ஆட்சேபத்துடன் செலுத்த அனுமதிக்கவும்” என்று ஒரு வாக்கியமும், மேலே போட்ட கணக்கும் இருந்தால் போதும். வாங்க மறுத்தால் அதே தொகைக்கு வங்கி வரைவோலை எடுத்துக் கடிதத்தோடு விரைவுத் தபாலில் அனுப்பலாம். செலுத்த முன்வந்ததற்கு அதுவே சாட்சியாகிவிடும். இதையெல்லாம் இருபதாம் நாள் மாலையில் தொடங்க முடியாது. பத்தாம் நாளுக்குள்ளாவது தொடங்கியிருக்க வேண்டும்.

எண்ணைத் தவறாக எழுதவில்லை, மீட்டரே வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகம் வந்தால் வேலை நீளும். முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரின் மின்னும் விளக்கைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மின்சாரமே போகாதபோதும் அது துடித்துக்கொண்டிருந்தால் மீட்டரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. துடிப்பு நின்றுவிட்டால் கோளாறு வீட்டுக்குள் இருக்கவும் வாய்ப்புண்டு: எர்த் கசிவு, பழைய மோட்டார், கெட்டுப்போன ஃப்ரிட்ஜ். மீட்டர்தான் காரணம் என்று புகார் கொடுத்தால், மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் செய்த திருத்தப்படி, ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மீட்டர் பழுது என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு வசூலிப்பது? தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு முந்தைய நான்கு மாத நுகர்வின் சராசரியை எடுக்கச் சொல்கிறது. அந்த நான்கு மாதமும் இப்போதும் வீட்டின் உபயோகம் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோடையில் ஏ.சி. ஓடிய நான்கு மாதத்தை வைத்து மழைக்காலத்துக்குக் கணக்கிட்டிருந்தால், அதை ஆட்சேபிக்க இதுவே பிடி.

பிரிவு அலுவலகத்தில் தீரவில்லை என்றால் அடுத்த படி, மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்தால் முகவரி கிடைக்கும். வாரியத்தின் அமைப்பே என்பதால் அங்கே என்ன நியாயம் கிடைக்கும் என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் அந்தப் படியைத் தாண்டக் கூடாது. மன்றத்தின் முடிவு பிடிக்காவிட்டால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் சென்னையில் இயங்கும் மின்குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; அவர் வாரியத்தின் ஊழியர் அல்ல. மன்றத்தின் உத்தரவு கிடைத்து 30 நாளுக்குள் அவரிடம் மனு போக வேண்டும். மன்றத்துக்குப் போகாமல் நேராக அவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த வழி முழுவதும் அடைபட்டுப்போகும் ஒரு வகை அறிவிப்பு உண்டு. தலைப்பிலோ முதல் பத்தியிலோ “பிரிவு 126” என்று இருந்தால் அது சாதாரண நிலுவை அல்ல. வீட்டு இணைப்பில் கடை நடத்தியது போன்ற “அனுமதியற்ற உபயோகம்” என்று வாரியம் கருதுகிறது என்று பொருள். இதில் முதலில் வருவது தற்காலிக மதிப்பீட்டு உத்தரவு. அதில் ஏழு நாள் என்று ஒரு வரி இருக்கும். பார்த்தவர் பதறிப்போய்ப் பணத்தைக் கட்டிவிடுவார். அந்த ஏழு நாள், மதிப்பீட்டை ஏற்றுக்கொள்பவர் பணம் கட்டுவதற்காக வைத்தது. ஏற்காதவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்து நேரில் விளக்கலாம். உத்தரவு கிடைத்த முப்பது நாளுக்குள் அதிகாரி இறுதி உத்தரவு போட்டுவிட வேண்டும் என்பதால், முதல் வாரத்திலேயே ஆட்சேபத்தைக் கொடுத்துவிடுவதுதான் புத்தி. இறுதி உத்தரவும் பாதகமாக வந்தால், 127-வது பிரிவின்படி முப்பது நாளுக்குள் மேல்முறையீடு. அதற்கு மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். இந்த வகை வழக்கை நுகர்வோர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

பழைய பாக்கியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. இரண்டு வருடம் தாண்டிவிட்டால் எதையும் கேட்க முடியாது என்பார்கள். 56-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்: தொகை முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு, இடைவிடாமல் நிலுவையாகக் காட்டி வந்தாலொழிய வசூலிக்க முடியாது. ராஜஸ்தானில் ஒரு நுகர்வோருக்கு 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரை தவறான கட்டணக் குறியீட்டில் பில் போட்டுவிட்டார்கள். தணிக்கையில் தெரியவந்து, 2014 மார்ச்சில் 29,255 ரூபாய் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் பார்த்தது. பிழையைக் கண்டுபிடித்த பிறகு கூடுதல் பில் அனுப்பத் தடையில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கடந்த அந்தப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது. 2021-ல் வந்த இன்னொரு தீர்ப்பில், தவறுதலாகக் குறைத்து வசூலித்துவிட்டுப் பின்னர் மீதியைக் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆகவே தணிக்கை பாக்கிக்கு எழுதும் பதிலில் “இது காலாவதியானது” என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. எந்த மாதங்களுக்கான பாக்கி, எந்தப் பில்லில் முதலில் காட்டப்பட்டது, கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று மூன்றையும் கேட்டு வாங்கிய பிறகு, தொகையை வாதாட வேண்டும். துண்டிப்பு மிரட்டலை மட்டும் அந்த 2020 தீர்ப்பைக் காட்டி அப்போதே மறுக்கலாம்.

நமது வீட்டுக் கதையில் புகார் ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால் இரண்டு சின்ன வேலைகள் மிச்சமிருக்கும். திருத்திய பில் எத்தனை ரூபாய் என்று பார்த்து, ஆட்சேபத்துடன் கட்டிய 867 ரூபாய் அதில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஆகஸ்டில் ரீடிங் எடுக்கும்போது, முந்தைய ரீடிங் என்ற இடத்தில் 14,372 இருக்கிறதா, 14,872 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எண்ணே நின்றிருந்தால் தொகையை மட்டும் திருத்திவிட்டு ரீடிங்கை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே முத்திரை போட்ட பழைய நகலோடு மறுபடி பிரிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.